அரிப்பு நின்றது, படை நிற்கவில்லை

"அரிப்பு தாங்கலண்ணே, படைக்கு ஒரு ட்யூப் குடுங்க." மருந்துக்கடையில் இப்படிக் கேட்டு வாங்குவது திருமயத்திலும் வழக்கம்தான், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் வழக்கம்தான். தொடை இடுக்கில் வந்த படையை டாக்டரிடம் காட்டக் கூச்சம். அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறவும் மனம் வராது. ட்யூபைத் தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். "நல்ல மருந்து" என்று பக்கத்து வீட்டுக்கும் அந்தப் பெயர் போய்விடும்.

அந்த ட்யூபுக்குள் பெரும்பாலும் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று பூஞ்சைக்கு எதிரான மைக்கோனசோல் அல்லது குளோட்ரிமசோல். இன்னொன்று நியோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக். படர்தாமரை பாக்டீரியாவால் வருவது அல்ல என்பதால் இதற்கு அங்கே வேலையே இல்லை. மூன்றாவது குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு. தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை இது. சோரியாசிஸ் போன்ற நோய்களில் தடித்துப்போன தோலுக்கு, டாக்டரின் கண்காணிப்பில், சில வாரங்கள் மட்டும் தர வேண்டிய மருந்து. அதைத்தான் தொடை இடுக்கின் மெல்லிய தோலில் மாதக்கணக்கில் தேய்க்கிறார்கள்.

படர்தாமரைப் பூஞ்சை தோலின் மேலடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்கிறது. அதை விரட்ட உடல் எதிர்த்து நிற்பதால்தான் அரிப்பும் சிவப்பும் வருகின்றன. ஸ்டீராய்டு பூஞ்சையை ஒன்றும் செய்வதில்லை, உடலின் எதிர்ப்பைத்தான் அமுக்குகிறது. அரிப்பு நிற்கிறது, பூஞ்சை தடையில்லாமல் படர்கிறது. ட்யூபை நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. உடனே இன்னொரு ட்யூப். இப்படியே நான்கைந்து மாதம் போனால் ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்த வளையம் இடுப்பு, பிட்டம், வயிறு என்று பரவிவிடும்.

நீண்ட நாள் ஸ்டீராய்டு பூசியதற்கான அடையாளத்தை வீட்டிலேயே பார்க்கலாம். வழக்கமான படர்தாமரையில் ஓரம் மட்டும் தடித்துச் சிவந்திருக்கும், நடுப்பகுதி தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு பூசிய படையில் அந்த ஓரம் கலைந்துவிடும், அல்லது வளையத்துக்குள் வளையமாக இரண்டு மூன்று வரிகள் எழும்பும். தொடையின் உட்பக்கத் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு போன்ற கோடுகள் ஆண்களுக்கும் விழும். படை ஆறினாலும் இந்தக் கோடுகள் மறைவதில்லை.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இந்தியா முழுவதும் படர்தாமரை பரவியிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூஞ்சையே மாறியிருக்கிறது. முன்பெல்லாம் டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்ற இனம்தான் அதிகம் தென்பட்டது. இப்போது அந்த இடத்தைப் பிடித்திருப்பது டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே. ஓர் இந்தியரிடமும் ஒரு நேபாளியிடமும் எடுத்த மாதிரிகளை வைத்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020-இல் இதைத் தனி இனமாக அறிவித்தார்கள். 2023-இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் இருவருக்கு இது கண்டறியப்பட்டதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் செய்தி வெளியிட்டது. அவர்களில் ஒருவர் அண்மையில் வெளிநாடு போனதே இல்லை.

டெர்பினாஃபின் என்ற மாத்திரைதான் பல ஆண்டுகளாகப் படர்தாமரைக்கு முதல் மருந்து. பூஞ்சை தன் செல் சவ்வைக் கட்டப் பயன்படுத்தும் ஒரு நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வேலையை நிறுத்துவது இம்மருந்தின் வழி. புதிய இனத்தில் பலவற்றில் அந்த நொதியின் ஒரே ஒரு இடம் மாறியிருக்கிறது. மருந்து ஒட்ட முடிவதில்லை. இந்த மரபணு மாற்றத்தை ஸ்டீராய்டு உண்டாக்கியது என்று சொல்வது சரியல்ல. ஆனால் ஆறு வாரத்தில் தீர வேண்டிய நோயை ஆறு மாதம் உடலில் தங்கவைத்து, வீட்டில் நாலு பேருக்குப் பரப்புவது ஸ்டீராய்டுதான். எதிர்ப்புப் பெற்ற பூஞ்சைக்கு அதைவிட வசதி வேறு வேண்டாம்.

இனி சிகிச்சைக்கு வருவோம். எடுத்துக்காட்டாக ஒருவரை எண்ணிக்கொள்வோம். முப்பத்தைந்து வயது, லாரியில் கல் ஏற்றும் வேலை, நாள் முழுக்க வேர்வை. இரண்டு தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடுப்பு, பிட்டம் ஆகிய இடங்களில் படை. நான்கு மாதமாக மூன்று மருந்து ட்யூப். மனைவிக்கு மார்புக்குக் கீழேயும், மகனுக்குக் கையிலும் அரிப்பு தொடங்கியிருக்கிறது.

இவர் புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகிறார் என்று வைத்துக்கொண்டால், முதலில் நடக்க வேண்டியது பரிசோதனை. படையின் ஓரத்தில் செதிலை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டுச் சற்று நேரம் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிளைவிட்ட நூல்போலப் பூஞ்சை தெரியும். வலி இல்லை, அன்றே முடிவு தெரிந்துவிடும். மாதக்கணக்கில் மருந்து எடுக்கப்போகிறவருக்கு இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும். அரிக்கும் எல்லாமே படர்தாமரை அல்ல, எக்சிமாவும் சோரியாசிஸும் வளையமாக வரலாம்.

அடுத்தது ஸ்டீராய்டு ட்யூபை நிறுத்துவது. பலர் தோற்றுப்போகும் இடம் இதுதான். நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரத்தில் சிவப்பும் அரிப்பும் கூடும். அமுக்கி வைத்திருந்த எதிர்ப்பு திரும்ப வருவதால் அப்படி. புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பழைய ட்யூபுக்கே போய்விடுகிறார்கள். இதை டாக்டர் முன்பே சொல்லிவிட வேண்டும், அரிப்புக்கு செட்ரிசின் போன்ற மாத்திரையும் தர வேண்டும்.

பூசும் மருந்து எவ்வளவு தேவை என்பதைப் பெரும்பாலோர் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. ஆள்காட்டி விரலின் முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அது அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும். நம் தொழிலாளிக்குப் படையையும், அதைச் சுற்றி இரண்டு சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்தால் பத்து உள்ளங்கை அளவு வரும். ஒருமுறை பூச இரண்டரை கிராம், காலையும் இரவும் பூசினால் நாளுக்கு ஐந்து கிராம். 15 கிராம் ட்யூப் மூன்றே நாளில் தீரும். ஆறு வாரத்துக்குப் பதினான்கு ட்யூப். ஒரு ட்யூபை ஒரு மாதம் ஓட்டுகிறவருக்குத் தேவையானதில் பத்தில் ஒரு பங்குதான் தோலில் சேர்கிறது. லூலிகோனசோல் போல ஒரு வேளை மட்டும் பூசும் மருந்தானால் பாதி போதும். எப்படியும் இவ்வளவு பரவிய படைக்குக் கிரீம் மட்டும் பற்றாது, உள்ளே மாத்திரையும் வேண்டும்.

எந்த மாத்திரை என்பதற்கு வாரணாசியில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழக மருத்துவர்கள் செய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு உதவும். 200 நோயாளிகளை நான்கு பிரிவாக்கி, பிரிவுக்கு ஒரு மருந்து கொடுத்தார்கள். எட்டு வாரத்தில் முழுதும் குணமானவர்கள், ஐம்பதுக்கு, இட்ராகோனசோலில் 33 பேர், ஃப்ளூகோனசோலில் 21 பேர், டெர்பினாஃபினில் 14 பேர், பழைய மருந்தான கிரீசியோஃபல்வினில் 7 பேர். மிகச் சிறந்த மருந்திலும் மூன்றில் ஒருவருக்கு எட்டு வாரம் போதவில்லை. "ஒரு வாரக் கோர்ஸ்" என்று ஏழு மாத்திரை வாங்கித் தின்பதில் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இட்ராகோனசோலைச் சாப்பிடும் முறையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கேப்ஸ்யூல் கரைய இரைப்பையில் அமிலம் வேண்டும். நன்றாகச் சாப்பிட்ட உடனே விழுங்க வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது. நம் ஊரில் காலையில் எழுந்ததும் பேன்டோப்ரசோல் என்ற "கேஸ் மாத்திரை" போடுகிறவர்கள் ஏராளம். அமிலம் குறைந்தால் கேப்ஸ்யூல் உடலில் சரியாகச் சேராது, பூஞ்சை எதிர்ப்புப் பெற்றுவிட்டதாகத் தோன்றும். ஆகவே கேஸ் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, காசநோய் மருந்து எது எடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரைகள் எதுவும் கூடாது, குளோட்ரிமசோல் போன்ற பூச்சு மட்டும்தான். நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ஈரல் ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

மனைவிக்கும் மகனுக்கும் அதே சமயத்தில் சிகிச்சை தொடங்காவிட்டால், இவர் எடுக்கும் மருந்து அத்தனையும் வீண். கணவனுக்கு ஆறும்போது மனைவியிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். துண்டு, பாய், போர்வை ஆளுக்குத் தனியாக வேண்டும். உள்ளாடையைச் சுடுநீரில் துவைத்து, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காய வைக்க வேண்டும். திருமயத்து வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்தோடு உடுத்தும் பழக்கம் வந்துவிடும், அப்போது இஸ்திரி போட்டாவது உடுத்த வேண்டும். அரைஞாண் கயிறு எப்போதும் ஈரமாகத் தோலை உரசிக்கொண்டே இருக்கும். சிகிச்சை முடியும்வரை அதைக் கழற்றி வைப்பது நல்லது. சாங்கியம் விட முடியாதவர்கள் புதுக் கயிறாக மாற்றி, குளித்ததும் துடைத்து உலர்த்திக்கொள்ளட்டும்.

சீமை அகத்தியை வண்டுகொல்லி என்று சொல்லிப் படைக்கு அரைத்துப் பூசுவது நம் ஊர்ப் பழைய வைத்தியம், சித்த மருத்துவத்தில் அதன் களிம்பும் உண்டு. சிறு படைக்கு அது உதவலாம். இடுப்பு முழுதும் பரவியதற்கு அதை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. பூண்டை நசுக்கி வைத்துத் தோலைப் பொத்துப்போக வைப்பதோ வேண்டவே வேண்டாம்.

எப்போது நிறுத்துவது? அரிப்பு நின்றதும் அல்ல. ஓரத்தில் தடிப்பும் செதிலும் முற்றிலும் போன பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும். முடிந்தால் மறுபடி சுரண்டிப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாம். படை இருந்த இடம் கறுத்து மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அது நோயல்ல, தழும்பு நிறம். அதைப் போக்க மறுபடி ஒரு ட்யூப் வாங்குகிறவர்கள்தான் திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள்.

பயனற்ற கூட்டு மருந்துகள் என்று மத்திய அரசு 2018 செப்டம்பரில் 328 கலவைகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதும் அதே ஆண்டு சட்டத்தில் இன்னும் இறுக்கமாக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது, சீட்டு கேட்கும் பழக்கம்தான் வரவில்லை. மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். படைக்கு ட்யூப் கேட்டு வருகிறவருக்குக் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன் ஆகியவற்றில் எது இருந்தாலும் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர்களும் அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் இந்தப் பெயர்களைப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே அப்படி ஒரு ட்யூப் இருந்தால், அதையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள். இதுவரை என்ன பூசினீர்கள் என்பது டாக்டருக்குத் தெரிய வேண்டும்.