மே மாதம் காணாமல் போகும் திரவம்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு கம்ப்யூட்டர் அறையின் சுவரில், அல்லது மின்சார ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில், கறுப்புக் கொம்பு வைத்த சிவப்பு சிலிண்டர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான். பவுடர் சிலிண்டரின் தலையில் பச்சை, சிவப்பு காட்டும் சின்ன பிரஷர் மீட்டர் இருக்கும். இதில் அது கிடையாது. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அறிய எடைதான் போட வேண்டும். ஏன் என்பதற்கு விடை, பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்கள் வரைந்து பழகும் நிலைமை வரைபடத்தில் இருக்கிறது.

கிடைக்கோட்டில் வெப்பநிலை, செங்குத்துக்கோட்டில் அழுத்தம். உள்ளே மூன்று வயல்கள்: திடம், திரவம், வாயு. அவற்றைப் பிரிக்கும் கோடுகளை வரப்பு என்று வைத்துக்கொள்வோம். வரப்பின் மேல் நிற்கும்போது இரண்டு பக்கத்து நிலைகளும் சேர்ந்தே இருக்கும். மூன்று வரப்புகளும் கூடும் இடம்தான் மும்மைப் புள்ளி. தண்ணீருக்கு அது 0.01 டிகிரி செல்சியஸ், 0.006 பார். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். அது தண்ணீரின் மும்மைப் புள்ளிக்கு வெகு உயரத்தில் இருப்பதால்தான் ஐஸ் உருகித் தண்ணீராகிறது, பிறகு கொதித்து ஆவியாகிறது. கார்பன் டை ஆக்சைடின் மும்மைப் புள்ளியோ மைனஸ் 56.6 டிகிரி, 5.2 பார். நம் காற்று அதற்குக் கீழே கிடக்கிறது. அந்த உயரத்தில் திரவ வயலே இல்லை. அதனால் உலர் பனிக்கட்டி உருகுவதில்லை, மைனஸ் 78.5 டிகிரியில் நேராக வாயுவாகிவிடுகிறது.

திடத்துக்கும் திரவத்துக்கும் நடுவிலுள்ள வரப்பு இரண்டு படங்களிலும் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறும். ஆனால் சாயும் பக்கம் வேறு. அழுத்தினால் பொருள் இடம் குறைவாக அடைக்கும் நிலைக்கே போகும். ஐஸைவிடத் தண்ணீர் அடைக்கும் இடம் குறைவு. ஐஸ் மிதப்பதே அதற்குச் சாட்சி. ஆகவே தண்ணீரின் வரப்பு இடப்பக்கம் சாய்கிறது. உருகுநிலையை ஒரு டிகிரி இறக்க 130 பாருக்கு மேல் அழுத்த வேண்டும் என்பதால் அந்தச் சாய்வு கண்ணுக்கே தெரியாது. பாடப்புத்தகப் படங்கள் அதை மிகைப்படுத்தித்தான் வரைகின்றன. கார்பன் டை ஆக்சைடின் திடம் தன் திரவத்தில் மூழ்கும். அதன் வரப்பு பெரும்பாலான பொருள்களைப்போல வலப்பக்கம் சாய்கிறது.

சிலிண்டருக்கு வேண்டியது மூன்றாவது வரப்பு, திரவத்துக்கும் வாயுவுக்கும் நடுவிலுள்ளது. 4.5 கிலோ வாயு அடைத்த, 6.75 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மார்கழி விடியற்காலை, 20 டிகிரி. உள்ளே சுமார் ஐந்தரை லிட்டர் திரவம், அதன் தலைக்கு மேல் ஒன்றேகால் லிட்டர் வாயு. இரண்டும் சேர்ந்திருப்பதால் நாம் வரப்பின் மேல் நிற்கிறோம். அங்கே 20 டிகிரிக்கு ஒரே அழுத்தம்தான்: 57 பார். வால்வு கசிந்து ஒரு கிலோ போனாலும் திரவம் கொஞ்சம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். அழுத்தம் அதே 57. மூன்று கிலோ போனாலும் அதே 57. மிச்சம் 1.3 கிலோவாகி, திரவம் முழுக்கத் தீர்ந்த பிறகே முள் இறங்கத் தொடங்கும். மீட்டர் வைத்தால் அது காலியாகிவரும் சிலிண்டருக்கும் நல்ல பெயர் வாங்கித் தந்துவிடும்.

வெயில் ஏறட்டும். திரவம் விரிந்து லேசாகிறது, மேலுள்ள வாயு அடர்த்தியாகிறது. இந்த அளவு நிரப்பிய சிலிண்டரில் 27, 28 டிகிரியிலேயே திரவம் மூடிவரை முட்டிவிடும். 31 டிகிரி, 73.8 பாரில் இரண்டின் அடர்த்தியும் ஒன்றாகிவிடுவதால் வரப்பு அதோடு நின்றுவிடுகிறது. அதுதான் மாறுநிலைப் புள்ளி. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் கார்பன் டை ஆக்சைடைத் திரவமாக்க முடியாது. தண்ணீரின் வரப்பு 374 டிகிரி, 221 பார் வரை போகிறது. அந்த உயரத்தை அனல்மின் நிலையக் கொதிகலன்களில்தான் பார்க்க முடியும். கார்பன் டை ஆக்சைடு விஷயத்திலோ விழுப்புரத்து மே மாதமே போதும்.

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-ல் இந்தப் புள்ளியை விளக்கினார். குளிர் நாட்டில் அவர் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கித்தான் அதை எட்ட வேண்டியிருந்தது. நம் சிலிண்டர் 40 டிகிரி மதியத்தில் தானாகவே அதைத் தாண்டி நிற்கிறது. உள்ளே திரவமும் இல்லை, நாம் அறிந்த வாயுவும் இல்லை. சிலிண்டரை ஒரே சீராக அடைத்த பாய்மம். அழுத்தமோ 100 பாரைத் தாண்டிவிடும். முழுதாக நிரப்பாமல் லிட்டருக்கு 0.67 கிலோவோடு நிறுத்துவதும், அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து வழிவிடும் தகடு வால்வில் இருப்பதும் இதற்காகத்தான். இரும்பு வெடிப்பதற்கு முன் தகடு கிழிய வேண்டும். வெயில் படும் சுவரில் இதை மாட்டக்கூடாது.

சோதிப்பது எளிது. சிலிண்டரின் கழுத்துப் பக்கத்தில் காலி எடையைப் பொறித்திருப்பார்கள். கொம்பையும் குழாயையும் சேர்த்த எடையா, சேர்க்காததா என்று மட்டும் கவனித்துத் தராசில் வைத்துக் கழியுங்கள். 4.5 கிலோவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 450 கிராம் குறைந்திருந்தால் மறுபடி நிரப்பக் கொடுத்துவிட வேண்டும். மார்கழியில் எடுத்தாலும் சித்திரையில் எடுத்தாலும் எடை ஒன்றேதான்.