மெட்ஃபார்மின்: யாருக்கு ஏற்றது, யாருக்கு ஆகாது?

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். "இதைச் சாப்பிட்டால் கிட்னி போய்விடுமாமே?" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. இந்த மாத்திரை கிட்னியைக் கெடுப்பதில்லை. ஆனால் கிட்னி ஏற்கெனவே மிகவும் பழுதாகியிருந்தால் இதைச் சாப்பிடக் கூடாது.

இது எப்படி வேலை செய்கிறது?

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிறீர்கள். காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை 160. ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாதபோது அது எங்கிருந்து வந்தது? உங்கள் கல்லீரலிலிருந்து. நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை தேவை என்பதால் கல்லீரல் அதைத் தயாரித்து ரத்தத்தில் விடும். "போதும்" என்று அதை அடக்குவது இன்சுலின். சர்க்கரை நோயில் அந்தச் சொல் சரியாக எடுபடுவதில்லை. மெட்ஃபார்மின் முக்கியமாக இந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது.

சர்க்கரை திடீரென்று இறங்கிவிடுமா?

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிட்டால் பொதுவாக இறங்காது. அது கணையத்தை விரட்டி இன்சுலின் சுரக்க வைப்பதில்லை. ஆனால் அட்டையின் பின்புறத்தைப் படியுங்கள். கிளிமிபிரைடு என்ற பெயரும் சேர்ந்திருந்தால் அது இரட்டை மருந்து. அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் வியர்வை, நடுக்கம், படபடப்பு வரலாம்.

வயிறு ஏன் கலக்குகிறது?

குமட்டல், வயிற்றுப்போக்கு, வயிற்றுப் பிசைவு, வாயில் உலோகச் சுவை ஆகியவை தொடக்கத்தில் பலருக்கு வரும். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள். 500 மி.கி.யில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல அளவைக் கூட்டுவதும் இதற்காகத்தான். அப்படியும் தாங்கவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாமல், எஸ்.ஆர். (மெதுவாகக் கரையும்) மாத்திரை தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது.

பல வருடமாகச் சாப்பிடுகிறேன், பாதம் மரத்துப்போகிறது. ஏன்?

சர்க்கரையே நரம்பைப் பாதித்திருக்கலாம். ஆனால் மெட்ஃபார்மின் நாளடைவில் உடலில் பி12 வைட்டமினைக் குறைக்கக்கூடும். அந்தக் குறைவிலும் இதே மரமரப்பும் எரிச்சலும் வரும். சைவ உணவுக்காரர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிடுங்கள். குறைவாக இருந்தால் மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுசெய்யலாம்.

கிட்னிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மெட்ஃபார்மின் உடலில் சிதைவதில்லை. சிறுநீர் வழியாக அப்படியே வெளியேறுகிறது. கிட்னி மந்தமானால் மருந்து ரத்தத்தில் தேங்கி, அபூர்வமாக லாக்டிக் அசிடோசிஸ் (ரத்தத்தில் அமிலம் சேர்தல்) வரலாம். அது உயிருக்கே ஆபத்தானது.

கிரியேட்டினினை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 60 வயதுப் பெண் ஒருவருக்குக் கிரியேட்டினின் 1.4 என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம்தான் கூடுதல் என்று தோன்றும். ஆனால் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருடைய இ.ஜி.எஃப்.ஆர். (கிட்னி வடிகட்டும் வேகம்) சுமார் 43தான். இந்த எண் 30க்குக் கீழே என்றால் மெட்ஃபார்மின் கூடாது. 30 முதல் 45 வரை என்றால் புதிதாகத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே சாப்பிடுபவருக்குப் பொதுவாக அளவைப் பாதியாக்குவார்கள். ஆகவே தினம் 2000 மி.கி. சாப்பிட்டுவந்த அந்த அம்மாவுக்கு இனி 1000 மி.கி.க்கு மேல் தரமாட்டார்கள்.

வேறு யாருக்கு ஆகாது?

கல்லீரல் மோசமாகப் பழுதானவர்கள், அளவுக்கு மீறிக் குடிப்பவர்கள், தீவிர நோய்த்தொற்று, மாரடைப்பு, மூச்சுத்திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. ரத்தக்குழாயில் சாய மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் அல்லது ஆஞ்சியோ இருந்தால், மெட்ஃபார்மின் சாப்பிடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். கிட்னி மந்தமானவர்களுக்கு அதை நிறுத்திவைத்து, 48 மணி நேரம் கழித்துக் கிட்னியைச் சோதித்த பிறகே மீண்டும் தருவார்கள்.

வாந்தி பேதி வந்தால்?

நன்றாக இருக்கும் கிட்னிகூட, உடம்பில் நீர் வற்றினால் சில நாளில் மந்தமாகிவிடும். ஆகவே தொடர்ந்து வாந்தியோ பேதியோ இருந்து, தண்ணீரும் தங்கவில்லை என்றால், மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து மருத்துவரிடம் பேசுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. வழக்கம்போல் சாப்பிட்டு, தண்ணீர் குடிக்கத் தொடங்கி ஓரிரு நாள் ஆனதும் மெட்ஃபார்மினைத் திரும்பத் தொடங்கலாம். வேகமான, ஆழமான மூச்சு, தசைவலி, மிகுந்த அசதி, மயக்கம் சேர்ந்து வந்தால் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், இந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்கள்.