வீட்டுக்குள் ஓர் ஆபீஸ் – 7
நாற்காலி விவரத்தாளை எப்படிப் படிப்பது?

ஆபீஸ் நாற்காலியின் விவரத்தாளில் 'இருக்கை உயரம்: 45–54 செ.மீ.' என்று இருக்கும். பலரும் இதைத் தாண்டிப் போய் மெத்தையின் தடிமனைத் தேடுவார்கள். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்களைத்தான்.

ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வெறுங்காலோடு, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அவருக்குச் சுமார் 38 செ.மீ. இருக்கும். நாற்காலியை முழுக்க இறக்கினாலும் 45தான். உட்கார்ந்ததும் மெத்தை 2 செ.மீ. அமுங்கும் என்றாலும் பாதம் தரையில் படியாது. இருக்கை விளிம்பு தொடையை அழுத்தும்.

அப்படியென்றால் இன்னும் தாழ்வான நாற்காலி வாங்கலாமா? அவசரம் வேண்டாம், மேஜையையும் அளக்க வேண்டும். நம் வீட்டு மேஜைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம். உட்கார்ந்திருக்கும்போது அவருடைய முழங்கை இருக்கையிலிருந்து ஏறத்தாழ 22 செ.மீ. மேலே நிற்கும். முழங்கையும் மேஜையும் ஒரே மட்டத்தில் வர, இருக்கை 53 செ.மீ.க்கு ஏற வேண்டும். குள்ளமானவர் பார்க்க வேண்டியது மேல் எல்லையைத்தான்! 54இல் அமுங்கல் போக 52, கிட்டத்தட்டச் சரி. காலுக்கு 14 செ.மீ. உயரத்தில் ஒரு பலகை போட்டால் வேலை முடிந்தது. மேஜையை இறக்க முடிந்தால் மட்டுமே கீழ் எல்லை முக்கியம்.

முதுகுத் தாங்கலும் இதோடு சேர்ந்ததுதான். நன்றாகப் பின்னால் தள்ளி உட்கார்ந்தால், இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். இருக்கையின் ஆழம் அதிகமானால் அவர் முன்னால் நகர்ந்து உட்காருவார். இடுப்புக்கு மேலே இருக்கும் அந்த வளைவு எவ்வளவு அருமையாக இருந்தாலும் முதுகைத் தொடாது.

எடை வரம்பு 120 கிலோ என்றிருந்தால், 115 கிலோ உள்ளவர் அடுத்த ரகத்துக்குப் போவதே நல்லது. தொப்பென்று உட்காரும்போது சிலிண்டர் வாங்குவது உடல் எடையை மட்டுமல்ல. உட்கார்ந்திருக்கும்போதே நாற்காலி மெல்ல இறங்கினால், சிலிண்டரின் உள் அடைப்பு போய்விட்டது என்று அர்த்தம். அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சக்கரத்தில் குழப்பமே இல்லை. கெட்டி நைலான் கம்பளத்துக்கு. டைல்ஸுக்கும் கிரானைட்டுக்கும் ரப்பர் போன்ற மிருதுவான மேலுறை கொண்டது. நைலான் டைல்ஸில் தடதடக்கும்.

பூட்டுவதற்கு ஆலன் கீ பெட்டியிலேயே வரும். அரை மணி நேரம் போதும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பாதி திருகிவிட்டுப் பிறகு இறுக்குங்கள். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் நான்காவது ஓட்டை நேருக்கு வராது. சிலிண்டர் ஐந்து கால் சட்டத்தில் திருகாணி இல்லாமல் செருகி நிற்கும். மேலே உட்கார்ந்ததும் இறுகும். பிறகு பிரிக்கச் சுத்தியல்தான் வேண்டும். அதனால் செருகுவதற்கு முன், சிலிண்டர் தலையிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். அது இருந்தால் உயரம் மாற்றும் கைப்பிடி வேலை செய்யாது.