ஆறு நிமிடம் முந்திய கடிகாரம்

இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றி நிற்பவர்கள் நிதானமாக எழுத முடியாது. நெஞ்சை அழுத்துபவர் அழுத்திக்கொண்டிருப்பார், ஊசி போடுபவர் போட்டுக்கொண்டிருப்பார். யாரோ ஒருவர் ஈசிஜி தாளின் பின்பக்கத்திலோ கையுறையிலோ கிறுக்கிவைப்பார். எல்லாம் ஓய்ந்த பிறகு, எப்போது என்ன செய்தார்கள், அதற்கு உடல் எப்படிப் பதில் சொன்னது என்று அந்தக் கிறுக்கலிலிருந்து கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும்.

இப்படி ஓர் இரவை எடுத்துக்கொள்வோம். கிறுக்கலில் இருப்பது இவ்வளவுதான்: “2.10 பல்ஸ் இல்லை, சிபிஆர். ஷாக் 2. அட்ரினலின் 2.17, பக்கத்தில் மூன்று கோடு. 2.26 பல்ஸ் வந்தது. பிபி 90/60.”

ஷாக் கொடுத்த நேரம் அதில் இல்லை. ஆனால் ஷாக் கருவி துப்பிய தாளில் 2.20, 2.22 என்று இருக்கிறது. அப்படியே எடுத்து எழுதினால், முதல் ஷாக் கொடுக்கப் பத்து நிமிடம் ஆனதாக ஆகிவிடும். சிஸ்டர் கருவியின் திரையையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கிறார். சுவரில் 2.40, கருவியில் 2.46. கருவி ஆறு நிமிடம் முந்தி ஓடுகிறது. ஆக, ஷாக் கொடுத்தது 2.14, 2.16. தாமதம் நான்கு நிமிடம்தான். எந்தக் கடிகாரத்தை வைத்துத் திருத்தினோம் என்பதையும் பதிவில் எழுதிவிட வேண்டும்.

அடுத்து, பதில். முதல் ஷாக்குக்குப் பிறகும் இதயம் துடிதுடித்து நடுங்கிக்கொண்டே இருந்தது தாளில் தெரிகிறது. அதனால்தான் இரண்டாவது ஷாக். அதற்கடுத்த சோதனையில், 2.18க்கு, கோடு தட்டையாகிவிட்டது. தட்டைக் கோட்டுக்கு ஷாக் பயன்படாது. மூன்றாவது ஷாக் ஏன் கொடுக்கவில்லை என்று பின்னால் யாரும் கேட்க வேண்டியிராது.

சிக்கல் அட்ரினலினில்தான். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் என்பது விதி. அதனால் 2.21, 2.25 என்று நிரப்பக் கை துறுதுறுக்கும். நிரப்பக் கூடாது. அது விதியின் நேரம், நடந்த நேரம் இல்லை. தட்டில் மூன்று காலி ஆம்ப்யூல் கிடக்கின்றன. அளவுக்கு அவை சாட்சி, நேரத்துக்கு அல்ல. “இரண்டாவது, மூன்றாவது டோஸ் 2.17க்கும் 2.26க்கும் இடையில், சரியான நேரம் தெரியாது” என்று எழுதுவதே உண்மையான பதிவு.

பிபிக்கு மானிட்டர் கைகொடுக்கிறது. அதன் நினைவில் 90/60 என்பது 2.28க்குப் பதிவாகியிருக்கிறது, அதன் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் ஒத்துப்போகின்றன. ஆகவே அது பல்ஸ் வந்த பிறகு எடுத்த அளவு.

எழுதி முடித்ததும் மேலே “3.05க்கு எழுதப்பட்டது” என்று குறித்து, எழுதியவரும் டியூட்டி டாக்டரும் கையெழுத்திட வேண்டும். அந்தக் கசங்கிய ஈசிஜி தாளைக் குப்பையில் போடாமல் கேஸ் ஷீட்டோடு சேர்த்துவைப்பார்கள். பதிவில் உள்ள எந்த நேரம் அப்போதே எழுதியது, எது பின்னால் கணக்கிட்டது என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும்.