தூக்கம் தரும் பழங்கள்: ஆய்வு சொல்வது எவ்வளவு?

படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு கிவி பழம் சாப்பிட்டால் நன்றாகத் தூக்கம் வரும் என்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு மூலம், தைவானின் தைபே மருத்துவப் பல்கலைக்கழகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வு. தூக்கக் குறைபாடுள்ள 24 பேர் நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டார்கள். தூக்கம் பிடிக்க ஆகும் நேரம் சுமார் 35 சதவீதம் குறைந்தது. தூங்கிய நேரம் 13 சதவீதம் கூடியது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிவி சாப்பிடாத இன்னொரு குழு அதில் இல்லை. தினமும் தூக்கக் குறிப்பு எழுதி, ஒரே நேரத்தில் பழம் தின்று, பலன் வரும் என்று எதிர்பார்த்தாலே சிலருக்குத் தூக்கம் மேம்படும். பழத்தின் பங்கு எது, பழக்கத்தின் பங்கு எது என்று பிரித்தறிய வழியில்லை.

புளிப்புச் செர்ரிக்கு ஆதாரம் சற்றுப் பரவாயில்லை. போலிச் சாறு கொடுத்து ஒப்பிட்ட சிறு ஆய்வுகளில் தூக்கம் ஓரளவு கூடியது. அதிலுள்ள மெலடோனின்தான் காரணம் என்பதை மட்டும் நம்புவது கடினம். ஒரு கிராம் மான்ட்மொரன்சி செர்ரியில் இருப்பது சுமார் 13 நானோகிராம். ஒரு மில்லிகிராம் மாத்திரைக்கு ஈடாக 70 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும்!

வாழைப்பழத்துக்குச் சொல்லப்படும் டிரிப்டோஃபனோ, ஒரு முட்டையில் அதைவிடப் பல மடங்கு அதிகம். இரவில் வாழைப்பழம் சாப்பிடுங்கள், பசி அடங்கும். தூக்க மருந்தென்று எண்ண வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் செர்ரிச் சாற்றின் இனிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.