போன மாதம் பேசியது அதற்குத் தெரியாது

"எங்கள் சாட் உதவியாளரால் சென்ற மாத ஆர்டர் பற்றி நீங்கள் பேசியதைப் பார்க்க முடியாது. ஆர்டர் எண்ணையும், அப்போது முடிவானதையும் மறுபடி எழுதுங்கள்." ஒரு ஜவுளிக்கடை வாட்ஸ்அப்பில் இப்படி அறிவித்தால் பலருக்கு எரிச்சல்தான் வரும். பழைய பேச்சு முழுவதும் நம் போனிலேயே இருக்கிறதே, கடைக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

நம் திரையில் இருப்பதெல்லாம் அந்த உதவியாளரின் கைக்குப் போவதில்லை. அதற்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரி எதையும் தானாக நினைவில் வைத்துக்கொள்ளாது. நீங்கள் ஒரு வரி அனுப்பும்போதெல்லாம், கடையின் மென்பொருள் அன்றைய உரையாடலை முதல் வரியிலிருந்து சேர்த்து அதற்குக் கொடுக்கிறது. அதைப் படித்துத்தான் அது பதில் எழுதுகிறது. அந்த உரையாடல் முடிந்து, அடுத்த மாதம் புதிதாகத் தொடங்கினால், பழைய வரிகளை யாரும் அதன் முன் வைப்பதில்லை. எல்லாவற்றையும் வைத்துவிடலாமே என்றால், ஒரே நேரத்தில் அது படிக்கும் அளவுக்கு வரம்பு உண்டு. கூடக்கூடச் செலவும் ஏறும்.

ஆர்டர் எண்ணைக் கொடுத்தால்? கடையின் பில் கணக்கோடு இணைத்திருந்தால் பொருள், தேதி, தொகை தெரியும். பேச்சு தெரியாது. போன மாதம் ஒருவர் ரவிக்கை தைக்கக் கொடுத்தார். கை நீளம் 10 அங்குலம், அடுத்த ரவிக்கைக்குத் தையல் கூலியில் 50 ரூபாய் குறைப்பு என்று சாட்டில் முடிவானது. பில்லில் இருப்பதோ 'ரவிக்கை 1, தையல் கூலி' மட்டும். இப்போது அவர் "போன தடவை மாதிரியே இன்னொண்ணு" என்று எழுதினால், 'மாதிரியே' என்ற சொல்லுக்கு அங்கே பொருளே இல்லை.

அறிவிப்பு இல்லாவிட்டால் சிக்கல் இங்கேதான். இந்த உதவியாளர்கள் சில நேரம், தெரியாது என்பதற்குப் பதிலாக, பொருத்தமாகத் தோன்றும் ஓர் அளவை எழுதிவிடும். கை 8 அங்குலமாகத் தைத்து வந்த பிறகுதான் தப்பு தெரியும். சோதிக்க ஒரு வழி உண்டு: "10 அங்குலம்தானே?" என்று கேட்காதீர்கள், நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்லிவிடும். "போன தடவை என்ன அளவு?" என்று கேளுங்கள். வரும் பதிலைப் பழைய சாட்டோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

எளிய தீர்வு, பழைய சாட்டில் முடிவான இரண்டு வரியை நகலெடுத்து இன்றைய உரையாடலில் ஒட்டுவது. தள்ளுபடி போன்ற வாக்குறுதி என்றால் கடை ஊழியரிடமே பேசிவிடுங்கள். கடைக்காரர் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு: சாட்டில் முடிவானதை அன்றே பில்லின் குறிப்பில் எழுதி வைப்பது. அந்தக் குறிப்பு இருந்தால், ஆர்டர் எண்ணைக் கொடுத்ததுமே 10 அங்குலமும் 50 ரூபாயும் சேர்ந்து வந்துவிடும்.