படிக்கும்போதே பெயர்ப்பது

சென்ற வாரம், பணமின்றித் திரும்பிய காசோலையைப் பற்றி 1881-ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைப் பார்த்தோம். அந்தப் பிரிவின்படி அனுப்பப்படும் நோட்டீஸ் நம் ஊர்களில் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. பெறுகிறவர் பல சமயங்களில் ஆங்கிலம் அறியாதவர். அவர் அதை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்ட உதவி மையத்துக்கு வந்து நிற்கும்போது, முகப்பு மேஜைக்குப் பின்னால் இருப்பவர் அதை ஒரு தாளில் தமிழாக்கி எழுதிக் கொடுக்க அவகாசம் கிடையாது, வரிசை நீண்டிருக்கும். ஆகவே கண் ஆங்கிலத்தைப் படிக்க, வாய் தமிழைச் சொல்ல, இரண்டையும் ஒருங்கே நடத்தியாக வேண்டிய ஒரு வித்தை அங்கே அவசியமாகிறது.

இதில் முதல் விதி, வாயைத் திறக்காமலிருப்பது. வக்கீல் நோட்டீஸ் ஒன்றோ இரண்டோ பக்கங்களுக்கு மேல் போவது அபூர்வம். அதை ஒரு முறை மேலிருந்து கீழாக மௌனமாகப் பார்த்து, யார் அனுப்பியது, யாருக்காக அனுப்பியது, எவ்வளவு தொகை, எத்தனை நாள் கெடு, கடைசிப் பத்தியில் மிரட்டல் என்ன என்கிற ஐந்தையும் மனத்தில் இருத்திக்கொண்ட பிறகே பேச்சைத் தொடங்க வேண்டும். அந்த ஒரு நிமிஷ மௌனத்தில் எதிரே நிற்பவர் முகம் வெளிறுவது இயல்பு. “ஒரு நிமிஷம் அம்மா, முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டால் போதும். பென்சிலால் அடிக்கோடு இடும் பழக்கமுள்ளவர்கள் இங்கே அதை விட்டுவிட வேண்டும்; அந்தக் காகிதம் நாளை வழக்கில் சாட்சியமாகக்கூடும். விரலை வரியின்மேல் நகர்த்திக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மௌன வாசிப்பு எதற்காக என்பது ஆங்கில நோட்டீஸின் கட்டுமானத்தைப் பார்த்தால் விளங்கும். உதாரணத்துக்கு, மளிகைக்கடை நடத்தும் ஓர் அம்மாளுக்கு வந்த நோட்டீஸ் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 10-ஆம் தேதியிட்ட 1,85,000 ரூபாய்க் காசோலை, கணக்கில் போதிய பணமில்லை என்ற வங்கிக் குறிப்போடு 17-ஆம் தேதி திரும்பியிருக்கிறது. பிப்ரவரி 5-ஆம் தேதி நோட்டீஸ் எழுதப்பட்டு 8-ஆம் தேதி அவர் கையில் சேர்ந்திருக்கிறது. அதன் முக்கியமான பத்தியில், ‘கோருகிறேன்’ என்ற வினை வாக்கியத்தின் தலையிலேயே வந்துவிடும். அதன் பின்னால் தொகை, கெடு, தவறினால் நேரக்கூடியது, அதைச் செய்யும்படி கட்சிக்காரர் கொடுத்த உத்தரவு, செலவுக்கும் விளைவுக்கும் யார் பொறுப்பு என்று ரயில் பெட்டிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். தமிழிலோ வினை கடைசியில் நிற்க வேண்டும். பார்த்ததும் படித்ததுமாக ஆரம்பிப்பவர், வினையைக் கையில் பிடித்துக்கொண்டு அதை வைக்க இடம் தேடித் தேடி, ‘அதாவது… அதாவது…’ என்று மூன்று முறை மீண்டும் துவங்கி, கடைசியில் வினையே இல்லாமல் வாக்கியத்தை விட்டுவிடுவார். கேட்பவர் காதில் தொகையும் சட்டப் பிரிவின் எண்ணும் மட்டும் விழும். அவற்றை வைத்து என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது விழாது.

பழகிய கை வேறு விதமாகச் செய்யும். வாக்கியத்தை அப்படியே தூக்கிவர முயலாமல், மூட்டு வரும் இடங்களில் வெட்டிவிடும். “ஆகவே, மேற்படி தொகையான ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாயை, இந்த நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் என் கட்சிக்காரருக்குச் செலுத்துமாறு தங்களைக் கோருகிறேன். செலுத்தத் தவறினால், 138-ஆம் பிரிவின்படி தங்கள்மீது நடவடிக்கை எடுக்குமாறு என் கட்சிக்காரர் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நேரும் செலவுக்கும் விளைவுக்கும் தாங்களே பொறுப்பு.” ஒரு வாக்கியம் மூன்றாயிற்று, ஒன்றும் குறையவில்லை. வாய் முதல் துண்டைச் சொல்லிக்கொண்டிருக்கையில் கண் இரண்டாவது துண்டின் முடிவில் இருக்கும்; வேகம் சீராக இருப்பதற்கு இந்த இடைவெளியே காரணம்.

வெட்டுவதில் ஓர் அபாயம் உண்டு. ‘என் கட்சிக்காரர் தெரிவிப்பதாவது’ என்ற ஒரே தொடரின் கீழ் ஆங்கிலத்தில் நான்கு சங்கதிகள் அடங்கியிருக்கும்: கடன் வாங்கியது, காசோலை கொடுத்தது, வங்கியில் இட்டது, திரும்பியது. நான்கையும் தனித்தனியே வெட்டிச் சொன்னால், ‘தாங்கள் கடன் வாங்கினீர்கள்’ என்பது மேஜைக்குப் பின்னால் இருப்பவரே கண்டறிந்து கூறும் தீர்ப்பைப் போல ஒலித்துவிடும். “நான் அவ்வளவு வாங்கவே இல்லையே ஐயா! வெறும் செக்குல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்” என்று அந்த அம்மாள் பதறிப்போய் அவரிடமே வாதாட ஆரம்பிப்பார். துண்டுதோறும் ‘என்று அவர் சொல்கிறார்’ என்பதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். கேட்கச் சலிப்பாயிருந்தாலும் அதுவே மூலத்துக்கு நேர்மையானது. தொடக்கத்திலேயே, “இதுல ‘நான்’னு வர்றது அந்த வக்கீல், அம்மா, நான் இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லிவைப்பவர்களும் உண்டு. அது எனக்கு மிகவும் சரியாகப் படுகிறது.

அடுத்த இடறல் தண்டனையைப் பற்றிய வரி. இரண்டு ஆண்டு வரை நீடிக்கக்கூடிய சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது சட்டத்தின் வாசகம். அவசரத்தில் ‘வரை’யும் ‘அல்லது’வும் உதிர்ந்துவிட்டால், “ரெண்டு வருஷம் ஜெயில்” என்ற பயங்கரமே மிஞ்சும். இதற்கு நேர்மாறாக, எதிரே நிற்பவர்மேல் இரக்கப்பட்டு, “ஒண்ணுமில்லம்மா, பணத்தைக் கட்டச் சொல்றாங்க, அவ்வளவுதான்” என்று மிரட்டலை விழுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் இரண்டாமவரே அதிகத் தீங்கு செய்கிறார்; பயந்து போனவர் வக்கீலைத் தேடுவார், ஆறுதல் பெற்றவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார்.

கெடுவின் கணக்கு வேறொரு விஷயம். நோட்டீஸில் ‘கிடைத்த பதினைந்து நாட்களுக்குள்’ என்றுதான் இருக்கும்; கடைசித் தேதி எது என்று இராது. மேலே அச்சடித்திருக்கும் பிப்ரவரி 5-லிருந்து எண்ணத் தலைப்படுவது சகஜமான பிசகு. கையில் சேர்ந்த 8-ஆம் தேதியை விட்டுவிட்டு 9-லிருந்து எண்ணினால் 23-ஆம் தேதியோடு பதினைந்து நாள் முடிகிறது. அதன் பிறகே அனுப்பியவருக்கு வழக்குப் போடும் உரிமை பிறந்து, அதற்கு ஒரு மாத அவகாசம் ஓடத் தொடங்குகிறது. ஆனால் படிப்பவர் இந்தக் கணக்கை வாசகத்தின் நடுவே நுழைக்கக் கூடாது; நோட்டீஸ் முழுவதையும் சொல்லி முடித்தபின், அங்கே அமர்ந்திருக்கும் வக்கீலிடம் அதை விட்டுவிட வேண்டும். “இப்ப நான் என்ன செய்யணும்?” என்ற கேள்விக்கும் அவரே பதில் சொல்லத் தக்கவர். பதில் நோட்டீஸ் அனுப்புவதா, பணத்தைக் கட்டுவதா, சமரசம் பேசுவதா என்பது படித்துச் சொல்பவரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது.

சொன்னது சேர்ந்ததா என்பதைச் சோதிக்க அந்த வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்குள்ள கட்டணும்னு கேக்கறாங்க, சொல்லுங்க பார்ப்போம்.” தடுமாறினால் கோரிக்கைப் பத்தியை மட்டும் இன்னொரு முறை சொல்வதுதான் முறை.

இவ்விதமான நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால், அது வந்த தபால் உறையையும் பத்திரமாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு, மறுநாளே உங்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.